சேர்ந்த 13-வது நாள்



போன வாரம் நம் பழைய மாணவி ஒருத்தி கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். 2004-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. போகும்போது, "டீச்சர், அன்னைக்கு நீங்க போன்ல சொன்னதை அப்படியே எழுதிப் போடுங்க. எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேர் அதே பயத்தில் இருக்காங்க" என்றாள். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பேரும் கம்பெனியும் வேண்டாம் என்றாள், அதனால் இரண்டையும் விட்டுவிட்டேன். பதிவு நீளம். பெண் பிள்ளையை வேலைக்கு அனுப்பியிருக்கிற வீட்டுக்காரர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்குப் போன் செய்தாள். குரல் சரியில்லை. "என்ன கண்ணு, வீட்ல எதுவும் பிரச்சினையா?" என்றேன். "இல்லை டீச்சர், நல்ல விஷயம்தான்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஜூன் 3-ம் தேதி திங்கட்கிழமை புது வேலையில் சேர்ந்திருக்கிறாள். பழைய வேலையை விடச் சம்பளம் நல்ல உயர்வு. ஆறு மாதம் தகுதிகாண் பருவம், அவர்கள் ப்ரொபேஷன் என்கிறார்கள். ஜூன் 15-ம் தேதி, சேர்ந்த 13-வது நாள், வீட்டிலேயே பரிசோதனை செய்து பார்த்ததில் கர்ப்பம் என்று தெரிந்திருக்கிறது. கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து வந்த குழந்தை. சந்தோஷப்பட வேண்டிய பெண், பத்து நாளாகத் தூங்காமல் இருந்திருக்கிறாள்.

"மேனேஜர் என்ன நினைப்பார் டீச்சர்? தெரிஞ்சே மறைச்சு வேலையில சேர்ந்துட்டான்னு நினைக்க மாட்டாரா? ஆறு மாசத்துல லீவு கேக்கப் போறேன். ப்ரொபேஷன்லயே அனுப்பிட்டா?"

வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. மாமியார் ஐந்து மாதம் ஆகட்டும், கண் பட்டுவிடும், யாரிடமும் சொல்லாதே என்றிருக்கிறார். கணவர் ப்ரொபேஷன் முடிந்து உறுதிக் கடிதம் கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்றிருக்கிறார். இவளுடைய தோழி ஒருத்தி, நீயே ராஜினாமா செய்துவிடு, அவர்களாக அனுப்பினால் அசிங்கம் என்றிருக்கிறாள். மூன்றாவது யோசனையைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் வந்தது.

"ஒரு பேப்பரும் பேனாவும் எடு. முதலில் தேதிகளை எழுது" என்றேன். பயம் வந்தால் கணக்குப் போடு என்று உங்களுக்கெல்லாம் சொன்ன டீச்சர்தானே.

முதல் கணக்கு, மறைத்துச் சேர்ந்தாளா என்பது. டாக்டர் கொடுத்த பிரசவ தேதி பிப்ரவரி 16. இதை நாற்பது வாரம் பின்னோக்கி எண்ணினால் மே 12 வரும். மேனேஜரோ ஹெச்.ஆர். பெண்ணோ விரல் விட்டு எண்ணினால், "மே மாதமே கர்ப்பம், ஜூனில் சேர்ந்திருக்கிறாள், தெரிந்தே செய்திருக்கிறாள்" என்றுதான் தோன்றும். இவள் பயந்ததும் அதற்குத்தான். ஆனால் அந்த நாற்பது வாரம் கடைசியாகத் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுவது. கரு உண்டாவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். நாள் தள்ளிப்போனது தெரியவே ஜூன் 9 ஆகிவிடும். ஜூன் 3-ம் தேதி அவள் கையெழுத்துப் போட்டபோது டாக்டர் கணக்கில் அது நான்காவது வாரம், ஆனால் உலகத்தில் யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இதை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. செய்யாத தப்புக்குக் குற்ற உணர்ச்சியோடு மேனேஜர் அறைக்குள் போனால் பேச்சு மன்னிப்பில்தான் ஆரம்பிக்கும்.

சரி, தெரிந்தே சேர்ந்திருந்தால்? அப்போதும் அது தப்பில்லை என்பதுதான் என் கட்சி. இதற்கு நம் நாட்டில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. நீரா மாத்தூர் என்ற பெண் 1989 செப்டம்பரில் எல்.ஐ.சி.யில் உதவியாளராக நியமனம் பெற்றார். ஆறு மாதத் தகுதிகாண் பருவம். 1990 ஜனவரியில் குழந்தை பிறந்தது. பிப்ரவரியில் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சேரும் முன்பு நிரப்பிய உறுதிமொழிப் படிவத்தில் உண்மையை மறைத்தார் என்பது நிர்வாகத்தின் வாதம். அந்தப் படிவத்தில் என்ன கேட்டிருந்தார்கள் தெரியுமா? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, இப்போது கர்ப்பமா, எத்தனை பிரசவம், கருக்கலைப்பு உண்டா என்றெல்லாம். உயர் நீதிமன்றத்தில் அவர் மனு தள்ளுபடியானது. 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. அதோடு விடவில்லை, ஒரு பெண்ணின் மானத்தைத் தொடுகிற அந்தக் கேள்விகளையே படிவத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னது.

இந்த வழக்கை நான் அவளிடம் சொன்னதற்குக் காரணம், அவளுடைய நிலையும் ஏறக்குறைய அதேதான். புது வேலை, தகுதிகாண் பருவம், சேர்ந்த சில மாதங்களில் பிரசவம். அந்தப் பெண் எத்தனை பேர் முகத்தைப் பார்த்துத் தலை குனிந்திருப்பார்! இரண்டு வருஷம் நீதிமன்றம் ஏறியிருக்கிறார். இன்று நேர்முகத் தேர்வில் யாராவது "இப்போதைக்குக் குழந்தை உண்டா?" என்று கேட்டால், அது கேட்கக் கூடாத கேள்வி என்று நாம் சொல்ல முடிவதில் அவருக்குப் பங்கு உண்டு.

இரண்டாவது கணக்குதான் முக்கியமானது. இது தெரியாமல்தான் பல பெண்கள் பயத்தில் ராஜினாமா செய்கிறார்கள்.

மகப்பேறு உதவிச் சட்டம் 1961-ல் வந்தது. 2017-ல் திருத்தினார்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, அலுவலகங்களுக்கும் அது பொருந்தியது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் அதிகபட்சம் எட்டு வாரம் பிரசவத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம். இதற்குத் தகுதி என்ன? ஒரு வருஷம் வேலை செய்திருக்க வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ப்ரொபேஷன் முடிந்திருக்க வேண்டும் என்று சில ஹெச்.ஆர். ஆட்களே சொல்கிறார்கள். இரண்டும் இல்லை. பிரசவம் எதிர்பார்க்கும் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 2020-ல் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த 80 நாள் அப்படியே இருக்கிறது.

நம் பிள்ளைக்கு எண்ணிப் பார்த்தோம். வாரம் ஐந்து நாள் வேலை. சனி, ஞாயிறைச் சேர்க்காமல் கறாராக எண்ணினாலும் 80 நாளுக்கு 16 வாரம். ஜூன் 3-லிருந்து 16 வாரம் என்றால் செப்டம்பர் 20. வாந்தி, தலைசுற்றல் என்று ஒரு பத்து நாள் லீவு போட்டாலும் அக்டோபர் முதல் வாரத்தில் 80 முடிந்துவிடும். பிரசவம் பிப்ரவரி 16. நடுவில் நான்கு மாதத்துக்கு மேல் மிச்சம். "உனக்குத் தகுதி இருக்கிறது. இதற்கு மேனேஜர் மனசு வைக்க வேண்டியதில்லை" என்றேன். போனில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "இதை யாருமே சொல்லலையே டீச்சர்" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டியது கம்பெனி. வேலைக்குச் சேரும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்தச் சலுகைகளை எழுத்திலும் மின்னஞ்சலிலும் தெரிவிக்க வேண்டும் என்று 2017 திருத்தம் சொன்னது. நியமனக் கடிதத்தோடு வந்த காகிதங்களைத் தேடச் சொன்னேன். நாற்பது பக்கக் கையேட்டில் முப்பத்தோராவது பக்கத்தில் இரண்டு வரி இருந்தது.

எல்லாருக்கும் இந்தக் கணக்கு இவ்வளவு சுலபமாக வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் வேலை மாறுகிற பெண்ணுக்கு 80 நாள் இடிக்கும். அவள் பிரசவ தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்து, முன்விடுப்பைக் குறைத்துக்கொண்டு, உடம்பு இடம் கொடுத்தால் கடைசி வரை வேலைக்குப் போய் நாளை நிரப்ப வேண்டியிருக்கும். பழைய கம்பெனியில் செய்த நாளைப் புதுக் கம்பெனிக் கணக்கில் சேர்க்க முடியாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறவர்களுக்குப் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும், அங்கே நாள் கணக்கு வேறு. முதன்முதலாக இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர்களுக்குச் சலுகைக் காலம் ஒன்பது மாதம் கழித்துத்தான் தொடங்கும். நம் ஊர்ப் பனியன் கம்பெனியிலும் ஜவுளிக்கடையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், கர்ப்பம் தெரிந்தவுடனே கிளை அலுவலகத்துக்குப் போய் இரண்டு தேதிகளையும் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது. பத்து பேருக்குக் குறைவாக இருக்கிற சின்னக் கடைகளுக்கு இந்தச் சட்டமே எட்டாது. அங்கே முதலாளியின் மனசுதான் சட்டம். அது எனக்கு வருத்தமான விஷயம்.

மூன்றாவது கணக்கு, எப்போது சொல்வது.

கணவர் சொன்னபடி ப்ரொபேஷன் முடியும் வரை காத்திருந்தால் டிசம்பர் 3. அன்றைக்கு அவளுக்கு 29 வாரம் முடிந்திருக்கும். "அதுக்குள்ள உனக்கு வளைகாப்பே முடிஞ்சிருக்கும். கை நிறைய வளையல் போட்டுக்கிட்டுப் போய் மேனேஜர்கிட்ட, சார் நான் மாசமா இருக்கேன்னு சொல்லப் போறியா?" என்று கேட்டதும் அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் பயிற்சி முடித்து 1984 ஜூனில் ஓர் உதவி பெறும் பள்ளியில் சேர்ந்தேன். நேர்காணலில் தாளாளர் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சு, சரி. இப்போதைக்குக் குழந்தை எதுவும் இல்லையே?" என்பது. இல்லை என்றேன். உண்மையும் அதுதான். அக்டோபரில் உண்டாகிவிட்டது. அந்தக் கேள்வி காதில் ஒலித்துக்கொண்டே இருந்ததால் நான் யாரிடமும் சொல்லவில்லை. நூல் சேலையாகப் பார்த்துக் கட்டி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மார்ச் வரை ஓட்டினேன். ஆறாவது மாதம், காலை வழிபாட்டில் வெயிலில் நின்றவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். கண் விழித்தபோது தலைமையாசிரியை என் தலையை மடியில் வைத்திருந்தார். "நாலாம் மாசமே சொல்லியிருந்தா இந்த வெயில்ல உன்னை நிக்க வெச்சிருப்பேனாடி? பரீட்சைக்கு மாத்து ஆளையும் பாத்திருப்பேனே" என்று திட்டினார். நான் ஐந்து மாதம் பயந்தது தாளாளரின் ஒரு கேள்விக்கு. மறைத்தது என்னவோ உதவி செய்யக்கூடிய மனுஷியிடம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

ஆகவே மறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அவளுக்கு நான் சொன்ன காலம் 12-லிருந்து 14 வாரம். முதல் மூன்று மாதம்தான் கரு நிலைக்குமா என்ற கவலை அதிகம். 11-லிருந்து 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் முடிந்தால் வீட்டுக்கும் ஒரு தைரியம் வரும். மாமியாருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்கலாம். அதே சமயம் பிரசவத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருப்பதால் அலுவலகத்துக்கும் ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கும். இரவுப் பணி, கனமான பொருள் தூக்குவது, ரசாயனம், எக்ஸ்ரே போன்ற வேலையில் இருப்பவர்கள் இவ்வளவு நாள் காத்திருக்கவே கூடாது, தெரிந்த வாரமே சொல்லிவிட வேண்டும். வாந்தியில் அடிக்கடி லீவு போடுகிறவர்களும் முன்னாடியே சொல்வது நல்லது. காரணம் தெரியாத லீவு புது ஆளைப் பற்றி வேறு மாதிரி எண்ண வைக்கும்.

ஆகஸ்ட் 6-ம் தேதி அவளுக்கு ஸ்கேன். நல்லபடியாக முடிந்தது. 8-ம் தேதி வியாழக்கிழமை மேனேஜரிடம் பதினைந்து நிமிஷம் தனியாகக் கேட்டு வாங்கினாள்.

என்ன பேசுவது என்று முந்தின நாள் இரண்டு பேரும் ஒத்திகை பார்த்தோம். அவள் முதலில் சொல்லிக் காட்டியது, "சாரி சார், இது பிளான் பண்ணினது இல்லை, எனக்கே ஷாக்தான்" என்று ஆரம்பித்தது. அதை நிறுத்தினேன். வயிற்றில் இருக்கிற குழந்தையைப் பற்றி யாரிடமும் சாரி சொல்லாதே என்றேன். அனுமதி கேட்கிற மாதிரியும் பேச வேண்டாம். தகவல், தேதி, வேலைக்கான ஏற்பாடு, இந்த மூன்றையும் வரிசையாகச் சொன்னால் போதும்.

இன்னொன்றும் யோசிக்கச் சொன்னேன். மேனேஜருக்கு உண்மையில் என்ன கவலை இருக்கும்? பெரிய கம்பெனியில் விடுப்புச் சம்பளம் அவர் பையிலிருந்து போவதில்லை. 26 வாரம் இந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள், மாற்று ஆள் கொடுப்பார்களா, மேலே கேட்டால் என்ன பதில் சொல்வது, இதுதான் அவர் தலையில் ஓடும். அவர் முகம் சுருங்கினால் அது பெரும்பாலும் அந்தக் கணக்குக்காகச் சுருங்குவது. அதை உன் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதே என்றேன்.

இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். 2009-ல் நான் தலைமையாசிரியை. ஜூனில் ஒரு சின்னப் பெண் ஆசிரியையாகச் சேர்ந்தாள். ஆகஸ்டில் ஒரு நாள் மதிய உணவு வேளையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று விஷயத்தைச் சொன்னாள். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "சேர்ந்து ரெண்டு மாசம்தானேம்மா ஆகுது?" என்பது. அந்தச் சமயத்தில் என் கண் முன்னால் நின்றது அவள் இல்லை, ஆள் இல்லாத மூன்றாம் வகுப்பு. அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்று கண்ணைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். 1984-ல் தாளாளர் என்னிடம் கேட்ட கேள்வியை விட நான் கேட்டது மோசம். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன், வகுப்பை மாற்றிக் கொடுத்தேன். ஆனால் அவள் அந்தச் செய்தியை முதன்முதலாக வேலையிடத்தில் சொன்ன நிமிஷம் போனது போனதுதான்.

சரி, நம் பிள்ளை அறைக்குள் போனாள். "சார், ஒரு நல்ல செய்தி. நான் கர்ப்பமா இருக்கேன். பிப்ரவரி 16 டேட் கொடுத்திருக்காங்க. ஜனவரி 20 வரைக்கும் வேலைக்கு வரலாம்னு நினைக்கிறேன். என் வேலையில எதை யார்கிட்ட ஒப்படைக்கலாம்னு நவம்பர்ல எழுதித் தர்றேன்" என்றாள். அவர் சில நொடி ஒன்றும் பேசவில்லையாம். அப்புறம், "மார்ச்ல ரிலீஸ் இருக்கே" என்றார். அப்புறம்தான் "வாழ்த்துகள்" வந்தது. நான் எதிர்பார்த்த வரிசையேதான்.

அன்று சாயங்காலமே அவருக்கும் ஹெச்.ஆருக்கும் சேர்த்து ஒரு மெயில் போடச் சொல்லியிருந்தேன். நாலு வரி போதும். இன்று நேரில் சொன்னபடி நான் கர்ப்பமாக இருக்கிறேன்; எதிர்பார்க்கும் பிரசவ தேதி இது; விடுப்பு ஏறக்குறைய இந்தத் தேதியிலிருந்து; மருத்துவச் சான்று இணைத்துள்ளேன், வேறு படிவம் இருந்தால் அனுப்பவும். அவ்வளவுதான். இந்த மெயில் ஏன் முக்கியம் என்றால், கர்ப்பமாக இருப்பதற்காக ஒரு பெண்ணை நீக்கினால் "எங்களுக்குத் தெரியவே தெரியாது, வேலை சரியில்லை என்று நீக்கினோம்" என்பதுதான் வழக்கமான பதில். தேதியோடு ஒரு மெயில் இருந்தால் அந்தப் பதில் நிற்காது. கர்ப்ப காலத்தில் வேலையை விட்டு அனுப்பினாலும் மகப்பேறுப் பணத்துக்கான உரிமை போகாது என்று சட்டம் சொல்கிறது. தகராறு வந்தால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அங்கேயும் முதலில் கேட்பது காகிதம்தான். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இந்த மெயில், வேலை நன்றாக இருக்கிறது என்று முன்பு யாராவது பாராட்டி எழுதியிருந்தால் அது, எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும். அலுவலகக் கணினியை ஒரே நாளில் பூட்டிவிடுவார்கள்.

வாழ்த்துச் சொல்லிவிட்டார், முடிந்தது என்று நினைக்காதீர்கள். சொன்ன பிறகு வரும் ஒரு மாதத்தைத்தான் கவனிக்க வேண்டும். முன்பு இல்லாத குறைகள் திடீரென்று எழுத்தில் வருகிறதா, கையில் இருந்த வேலையைச் சொல்லாமல் எடுத்து வேறு ஆளுக்குக் கொடுக்கிறார்களா, கூட்டங்களுக்குக் கூப்பிடுவது நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இவளுக்கு மூன்றாவது நடந்தது. இரண்டு வாரமாக வாடிக்கையாளரோடு பேசும் கூட்டங்களில் பேர் இல்லை. மறுபடி ராத்திரிப் போன், மறுபடி அழுகை. "அவர்கிட்டயே கேளு. குற்றம் சாட்டாமக் கேளு" என்றேன்.

கேட்டாள். "ராத்திரி எட்டு மணிக் கால் அது. உனக்கு டென்ஷன் வேண்டாம்னுதான் எடுத்தேன்" என்றிருக்கிறார். அது உண்மையோ சாக்கோ, நமக்குத் தெரியாது. இவள் சொன்ன பதில்தான் எனக்குப் பிடித்தது. "நன்றி சார். ஆனா எனக்கு முடியலைன்னா நானே சொல்றேன். அதுவரைக்கும் என்னைச் சேர்த்துக்குங்க." அடுத்த வாரம் பேர் திரும்ப வந்தது. அன்று மாலையே, "பேசியபடி கூட்டங்களில் தொடர்கிறேன்" என்று ஒரு வரி மெயிலும் போட்டுவிட்டாள். பிள்ளை தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் ப்ரொபேஷன் முடிந்து உறுதிக் கடிதம் வந்தது. ஜனவரி 20 திங்கட்கிழமையிலிருந்து விடுப்பு. 26 வாரம் எண்ணினால் ஜூலை 21-ல் திரும்பச் சேர வேண்டும். எட்டு வாரம் முன்னாடியே எடுத்திருந்தால் ஜூன் 22-க்கே திரும்ப வேண்டியிருக்கும். நான்கு வாரத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டதால் குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும் வரை கூட இருக்க முடிந்தது. இதற்கு டாக்டர் சம்மதம் வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை இருக்கிறவர்கள் இப்படிக் கணக்குப் பார்க்கக் கூடாது.

அந்த மேனேஜர் நல்லவரா கெட்டவரா என்று அவளைக் கேட்டேன். "ரெண்டும் இல்லை டீச்சர். அவருக்கும் பயம்" என்றாள். சட்டம் ஒரு மேனேஜரைச் சந்தோஷப்பட வைக்காது. நல்ல வேலையைக் கொஞ்ச நாள் கொடுக்காமல் வைத்திருப்பதையும், அந்த வருஷச் சம்பள உயர்வைக் குறைப்பதையும் நிரூபிப்பது கஷ்டம். இவளுக்கும் அந்த வருஷ உயர்வு குறைவாகத்தான் வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "நீ பாதி வருஷம்தானே இருந்தே" என்றார்களாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியைக்கு இன்று தமிழ்நாட்டில் 12 மாதம் விடுப்பு, எங்கள் காலத்தில் 90 நாள். விடுப்பு நீண்டிருக்கிறது. சொல்லும்போது எதிரில் இருக்கிறவர் முகம் அவ்வளவாக மாறவில்லை.

என் பழைய மாணவர்களில் எத்தனையோ பேர் இன்று மேனேஜராக இருக்கிறீர்கள். பையன்கள் முக்கியமாகக் கேளுங்கள். உங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒரு நாள் பதினைந்து நிமிஷம் தனியாகக் கேட்பாள். அன்றைக்கு ரிலீஸ் ஞாபகம் வரும், ஆள் பற்றாக்குறை ஞாபகம் வரும், அது இயற்கை. அதையெல்லாம் மறுநாள் பேசுங்கள். முதல் வார்த்தை வாழ்த்தாக இருக்கட்டும். என் வாயில் வந்தது உங்கள் வாயில் வர வேண்டாம்.

2009-ல் மூன்றாம் வகுப்பு எடுத்த அந்த ஆசிரியை இந்தப் பதிவைப் படிப்பாள் என்று தெரியும், என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறாள். அவள் மகன் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறான். அம்மா, அன்றைக்குச் சொல்லாமல் விட்ட வாழ்த்தை இன்றைக்குச் சொல்லிவிட்டேன், ஏற்றுக்கொள்.

இந்த நிலைமையில் இருக்கிற பிள்ளைகள் கருத்துப் பெட்டியில் எழுத வேண்டாம், உங்கள் அலுவலகத்தார் பார்ப்பார்கள். தனிச் செய்தியில் எழுதுங்கள். சேர்ந்த தேதி, டாக்டர் கொடுத்த தேதி, வாரத்துக்கு எத்தனை நாள் வேலை, இந்த மூன்றையும் எழுதினால் போதும். உட்கார்ந்து எண்ணிப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்